"எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க"



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், காபி தருகிறேன். உறவுக்காரர்கள் சிலருக்கு "நம்மைத்தான் சொல்றார்" என்று தோன்றும். ஆமாம், உங்களையும்தான் சொல்கிறேன். முதலில் என்னைச் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகு உங்களிடம் வருகிறேன்.

தலைப்பில் இருக்கிற வாக்கியத்தைக் கேட்காத கல்யாண வீடு காஞ்சிபுரத்தில் உண்டா? நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா இதைச் சொல்வார். சுற்றி இருப்பவர்கள் "எவ்வளவு பெரிய மனசு" என்பார்கள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிதான் கேள்வித்தாள் என்று அவருக்குத் தெரியும். முதல் பாதி ஊருக்கு, இரண்டாம் பாதி அவருக்கு.

1982-இல் என் கல்யாணத்திலும் இதையேதான் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. என் அப்பா ஒரு ஸ்கூட்டர் பற்றி "சும்மா" பேசினார், பதினைந்து சவரன் பற்றி என் அத்தை "சும்மா" பேசினார். நான் வாயே திறக்கவில்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என் மாமனார் பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி வைத்திருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தறிதான் இருந்தது. அதை நான் கவனிக்கவே பல வருடம் ஆனது. ஒருநாள் வீட்டில் பேச்சு வந்தபோது, "நான் ஒண்ணும் கேட்கலையே" என்றேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நீங்க கேட்கலைதான். வேணாம்னும் சொல்லலையே."

நாற்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். அந்த ஒரு வரிக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. இந்தப் பதிவு முழுவதும் அந்த வரியைப் பற்றித்தான்.

போன வருடம் என் பழைய மாணவன் ஒருவனும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம், நிச்சயம் முடிந்துவிட்டது. பையனின் அப்பா மேற்படி வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா நெசவாளி, கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்.

நிச்சயம் முடிந்த பத்தாம் நாள் பையனின் அம்மா அந்தப் பெண்ணுக்கே போன் செய்திருக்கிறார். "ஏம்மா, நாங்க ஒண்ணும் கேட்கலை. ஆனா மூத்த மருமகளுக்கு அவங்க வீட்ல முப்பது சவரன் போட்டாங்க. உனக்கு ஒரு இருபத்தஞ்சாவது இருந்தாத்தானே நாளைக்கு ஒரு விசேஷத்துல ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கும்போது உனக்கு ஒரு மதிப்பு? உங்க அப்பாகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடும்மா." அடுத்த வாரம் மாப்பிள்ளைக்கு வண்டி. அதற்கடுத்து கட்டில், பீரோ, பாத்திர பண்டம். கடைசியாக, "மண்டபம் பெரிசா பிடிச்சுடுங்க, எங்க பக்கமே ஐந்நூறு பேர் வருவாங்க."

பெண் அழுதாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சார், அம்மாகிட்ட பேச முடியாது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நான் பார்த்துக்கறேன்" என்றான்.

நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவனிடம் கொடுத்து, பழையபடி கணக்குப் போடச் சொன்னேன். அன்றைக்கு ஒரு சவரன் 70,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இருபத்தைந்து சவரன் பதினேழரை லட்சம். வண்டி ஒன்றரை லட்சம். மண்டபமும் சாப்பாடும் ஐந்து லட்சம். கட்டில் பீரோ பாத்திரம் ஒரு லட்சம். மொத்தம் இருபத்தைந்து லட்சம். செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எதையும் நான் சேர்க்கவில்லை. பிறகு பெண்ணிடம் கேட்டேன்: "உங்க அப்பாவுக்கு மாசம் கையில எவ்வளவும்மா நிக்கும்?" பன்னிரண்டாயிரம் என்றாள். "வகுத்துப் பாருடா" என்றேன். இருநூற்றெட்டு மாதம் வந்தது. பதினேழு வருடத்துக்கு மேல். அந்த மனிதர் பதினேழு வருடம் சாப்பிடாமல், மருந்து வாங்காமல், கரண்ட் பில் கட்டாமல் தறி ஓட்டினால் இவன் அம்மா "கேட்காத" தொகை சேரும். வட்டி தனி.

பையன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மறந்துவிட்டோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஏழாவதோடு நின்றார்கள்! காரணம் கேட்டால், "அக்காவுக்குக் கல்யாணம் சார், ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கு" என்பார்கள். அட்வான்ஸ் வாங்கினால் அது தீரும்வரை தறியை விட்டு நகர முடியாது. அப்பாவின் கூலியில் பிடித்தால் வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் பையன் போய்த் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து கோர்வைக்குக் கரை நாடா தள்ளுவான். காஞ்சிபுரம் பட்டுத்தறியில் குழந்தைத் தொழிலாளர் என்று வெளிநாட்டுக்காரர்கள் அறிக்கை எழுதினார்கள், அதிகாரிகள் வந்தார்கள், பிள்ளைகளை மீட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த அட்வான்ஸில் எவ்வளவு ஒரு கல்யாண வீட்டின் "கௌரவத்துக்காக" வாங்கியது என்று நம்மில் யாரும் கணக்கு எடுக்கவில்லை. வகுப்பில் காலியான பெஞ்சைப் பார்த்த நான், என் மாமனார் வீட்டில் காலியான தறியைப் பார்க்கவில்லை.

சரி, இப்போது வாதத்துக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "இது நம்ம வழக்கம் சார்." எது வழக்கம்? பரிசம் போடுவது என்ற சொல் உங்கள் பாட்டிக்குத் தெரியும். பையன் வீடு பெண் வீட்டுக்குக் கொடுத்ததற்குத்தான் பரிசம் என்று பெயர். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் அதுதான் பழைய முறை. சமூகவியல் அறிஞர் எம்.என்.சீனிவாஸ் தென்னிந்தியாவின் நவீன வரதட்சணை பற்றி எழுதும்போது, படிப்பும் சம்பள வேலையும் வந்த பிறகு பையனுக்கு விலை வந்ததைத்தான் சுட்டிக்காட்டினார். அதாவது என்னைப் போன்ற வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் என்ஜினியர்களும் உருவாக்கிய வழக்கம் இது. பாட்டன் பூட்டன்மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது வாதம்: "பொண்ணுக்கு அவங்க அப்பா ஆசையா போடறாங்க, இதுல என்ன தப்பு?" ஆசையாகப் போடுவதில் ஒரு தப்பும் இல்லை. சட்டமே அதை விட்டுவைத்திருக்கிறது. கேட்காமல் கொடுத்த பரிசு குற்றமில்லை, ஆனால் அது வழக்கமானதாகவும் கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும், பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம். ஆசைக்கும் மிரட்டலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். "அது இல்லாவிட்டாலும் இந்தக் கல்யாணம் இதே தேதியில், இதே முகத்தோடு நடக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நடக்கும்" என்றால் அது பரிசு. ஒரு நொடி தயங்கினால் அது வரதட்சணை. சீர் என்று பெயர் வைத்தாலும், அன்பளிப்பு என்று பெயர் வைத்தாலும் அதுதான்.

"நாங்க பேரம் பேசலையே, ஒப்பந்தம் போடலையே" என்பவர்களுக்கு 1998-இல் பவன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. டி.வி.யும் ஸ்கூட்டரும் கேட்டு நச்சரித்த வழக்கு அது. முன்கூட்டிய ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை, கல்யாணத்தை ஒட்டி அப்படிக் கேட்பதே வரதட்சணைதான் என்றது. 2022-இல் இன்னொரு வழக்கில், வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணையே என்றது. தாலி கட்டிய பிறகு கேட்பதும் சட்டத்துக்குள் வரும். ஆக, கல்யாணத்தோடு முடியாமல் தொடர்கிற ஆடிச் சீர், தலை தீபாவளிச் சீர் கணக்கெல்லாம், கேட்டு வாங்கினால், அதே கணக்குதான்.

மூன்றாவது வாதத்தைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன், ஏனென்றால் அது என்னுடையது: "அப்பா அம்மா கேட்கறாங்க, நான் என்ன பண்றது?"

தம்பிகளே, யார் பெயரைச் சொல்லி அவர்கள் கேட்கிறார்கள்? உங்கள் படிப்பு, உங்கள் சம்பளம், உங்கள் வேலை. விலைச்சீட்டு உங்கள் கழுத்தில்தான் தொங்குகிறது. பெண்ணின் அப்பா மறுக்க முடியாது, மறுத்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். பெண் மறுக்க முடியாது, மறுத்தால் "வரும்போதே வாய்" என்ற பெயர். மொத்த மண்டபத்தில் பயமில்லாமல் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் மாப்பிள்ளை. அவன் சொன்னால் அவனுக்கு ஆகிற நஷ்டம் அம்மாவின் இரண்டு மாத மௌனம். அதற்கே பயந்து அவன் வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனத்துக்குப் பெண் வீடு பதினேழு வருடம் வட்டி கட்டுகிறது.

"கல்யாணம் முடியட்டும், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் மாப்பிள்ளை எதையும் பார்த்துக்கொள்ள மாட்டான். கல்யாணத்துக்கு முன்னால், பெண் இன்னும் தன் வீட்டில் பத்திரமாக இருக்கும்போதே பேச முடியாதவன், அவள் தனியாக இவன் வீட்டுச் சமையலறையில் நிற்கும்போது பேசுவானா? பெண் பிள்ளைகளே, அந்த வாக்கியத்தைக் கேட்டால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். நிச்சயத்தை நிறுத்துவது அவமானம் இல்லை.

கொடுத்துவிட்டால் வாய் அடைத்துவிடும் என்று நினைக்கும் அப்பாக்களுக்கு ஒன்று. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் கல்யாணம் 2020-இல் நடந்தது. மாப்பிள்ளை மோட்டார் வாகனத் துறையில் அரசாங்க உத்தியோகம். நூறு சவரன், ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், பத்து லட்ச ரூபாய்க் கார் என்று கொடுத்தார்கள். கார் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் 2021 ஜூனில் கணவன் வீட்டில் இறந்து கிடந்தாள். அவனை அரசு வேலையிலிருந்து நீக்கியது. 2022 மே மாதம் கொல்லம் நீதிமன்றம் பத்து ஆண்டு தண்டனை கொடுத்தது. அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான். நான் சொல்ல வந்தது தண்டனையைப் பற்றி இல்லை. நூறு சவரன் கொடுத்தும் வாய் அடையவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் கேட்பது நிற்காது.

இனி, அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அன்றைக்கே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேறு யாரும் இல்லாமல், இருவரும் ஒரு தாளில் எழுதினார்கள். கல்யாணத்துக்கு மொத்தம் எவ்வளவு, அதில் யார் எவ்வளவு, எதை யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று. வண்டி வேண்டாம், கட்டில் பீரோ தாங்களே தவணையில் வாங்கிக்கொள்வது, நகை என்றால் பெண்ணின் அம்மா ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த நாலு சவரன் மட்டும், சாப்பாட்டுச் செலவு பாதிப் பாதி. இருநூற்றைம்பது பேர். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இதற்குச் சட்ட மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிறகு வீட்டில் யார் என்ன கேட்டாலும் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல இது உதவியது. "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்", "அவகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற சந்துதான் பெரியவர்கள் நுழைகிற சந்து. அது அடைபட்டுவிட்டது.

அடுத்ததாக நான் ஒரு விதி சொன்னேன். அவனவன் வீட்டுக்கு அவனவன்தான் பதில் சொல்ல வேண்டும். பையனின் அம்மா பெண்ணுக்குப் போன் செய்தால், பெண் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அத்தை, இதை அவரே உங்ககிட்ட பேசறேன்னு சொன்னார்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். செய்தியைத் தன் அப்பாவிடம் கொண்டுபோகவும் கூடாது. மாமியார் வீட்டுக் கோரிக்கைக்குத் தபால்காரி வேலையைப் பெண் பார்க்கவே கூடாது. அதேபோல பையன் தன் வீட்டில் பேசும்போது "அவளுக்குப் பிடிக்கலை" என்று சொல்லக் கூடாது. "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். "அவளுக்குப் பிடிக்கலை" என்றால் அம்மாவின் கோபம் முழுக்க அந்தப் பெண்மேல் இறங்கும், இவன் நல்ல பிள்ளையாகவே இருப்பான். அது ஒற்றுமை இல்லை, ஒளிந்துகொள்வது.

பையன் பேசினான். எடுத்த எடுப்பில் அம்மாவிடம் சரியாகப் பேச வரவில்லை, இரண்டாம் தடவை அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசினான். கணக்குப் போட்ட தாளைக் காட்டினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அழுதார். "ஊர்ல நாலு பேர் என்ன சொல்வாங்க" என்றார்.

உண்மையான அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூத்த மருமகள், முப்பது சவரன் போட்டு வந்தவள், "அப்போ எங்க அப்பா கொடுத்ததுக்கு என்ன பதில்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல வீடுகளில் இரண்டாவது மருமகளிடமும் வாங்கிவிடுகிறார்கள், ஒரு அநியாயத்தை இரண்டாக்கினால் சமமாகிவிடும் என்று. நான் பையனிடம் சொன்னேன்: உன் அண்ணியின் நகை அண்ணிக்குச் சொந்தம். 1985-இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண் கொண்டுவந்த சீதனம் புகுந்த வீட்டில் இருந்தாலும் அவளுடையதே, வைத்துக்கொண்டு தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று சொல்லியிருக்கிறது. அது இப்போது யார் லாக்கரில் இருக்கிறது என்று கேள். கேட்டான். மாமியார் பெயரில் இருந்த லாக்கரில் இருந்தது, கொஞ்சம் அடகிலும் இருந்தது. அன்றிலிருந்து அந்த அண்ணி இவன் பக்கம். அடகு நகையை மீட்டுக் கொடுக்க ஆறு மாதம் ஆனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொரு தவறு பெண் வீட்டிலேயே நடந்தது. பெண்ணின் அப்பா, யாருக்கும் சொல்லாமல், வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார்! வட்டிக்கு வாங்கி. "மாப்பிள்ளை வேணாம்னுதான் சொல்வாரு, அது மரியாதைக்குச் சொல்றது" என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எதிர்வீட்டுக்காரன் பெண்ணுக்கு என்ன போட்டான் என்று பார்த்து நீங்களாகவே தலையில் ஏற்றிக்கொள்வதும் உண்டு. பெண்தான் அப்பாவிடம் பேசினாள், விதிப்படி. "அப்பா, நீ இந்த வண்டியைக் கொடுத்தா, அவர் அவங்க வீட்ல சொன்னது பொய்யாயிடும்" என்றாள். அந்த வார்த்தை அவருக்குப் புரிந்தது. முன்பணத்தில் கொஞ்சம் போனது, மீதி திரும்பி வந்தது.

கடைசிச் சோதனை கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. எப்போதும் அன்றைக்குத்தான் வரும், தெரிந்துகொள்ளுங்கள். பத்திரிகை கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்கள் வந்தாயிற்று, இனி பெண் வீடு திரும்ப முடியாது என்ற நேரம் பார்த்து யாராவது ஒரு மாமா கிளம்புவார். "மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின் எங்கே?" என்று பெண்ணின் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார் இந்த மாமா. இதற்கும் அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்: யார் எங்கே ஓரமாகக் கூப்பிட்டாலும், பெண் வீட்டார் பதில் சொல்லாமல் பையனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பையன் வந்தான். "மாமா, எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க. அவர்கிட்ட கேட்டா நாளைக்கு நான் தாலி கட்ட வரமாட்டேன்னு அர்த்தம் ஆயிடும். அப்படியா சொல்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். சத்தம் போடவில்லை. மாமா, "நான் சும்மா கேட்டேன்டா" என்றார். சும்மா!

மறுநாள் காலை கோயிலில் தாலி கட்டினான். மதியம் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் இருவரும் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தார்கள். 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்ததற்கு ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் பொருள் என்ன, சுமாரான மதிப்பு என்ன, யார் கொடுத்தது, அவர் உறவா, என்ன உறவு என்று எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடம், ஆணின் பட்டியல் ஆணிடம் இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும்? நாற்பது வருடமாக இருக்கிறது. பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, நோட்டில் எழுதத் தெரியவில்லை. மொய் நோட்டு எழுதுகிறோம் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும், கூட இரண்டு கையெழுத்து. நாலு சவரனும் முதல் வரியில், பெண்ணின் பட்டியலில் ஏறியது.

நான் கதையை இனிப்பாக முடிக்கப் போவதில்லை. பையனின் அம்மா இரண்டு மாதம் மருமகளோடு பேசவில்லை. அந்த மாமா இன்னும் பேசவில்லை. தலை தீபாவளிக்கு இவர்களே தங்கள் காசில் இரண்டு வீட்டுக்கும் துணி எடுத்துக்கொண்டு போனார்கள், அதுவும் சிலருக்குக் குத்தலாகப் பட்டது. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் அந்த நெசவாளி வட்டி கட்டாமல் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் தன் புகுந்த வீட்டில் கடன்காரனின் மகளாக நிற்கவில்லை. எனக்கு அது போதும்.

பேச்சு பலிக்காவிட்டால்? அப்போது சட்டம் இருக்கிறது, அதன் எல்லையும் இருக்கிறது. வரதட்சணை கேட்டாலே குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை. வாங்கினால் குறைந்தது ஐந்து வருடம். கொடுப்பதும் குற்றம்தான், அதனால் "நானும் மாட்டிக்குவேனே" என்று பெண்ணின் அப்பாக்கள் பயப்படுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே இந்தச் சட்டப்படி வழக்குப் போட முடியாது என்று ஏழாம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அதிகாரி. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் யார் என்று சொல்வார்கள். பெண்களுக்கான உதவி எண் 181. ஆனால் சட்டம் பெரும்பாலும் கெட்டுப்போன பிறகுதான் வருகிறது. கெடாமல் பார்த்துக்கொள்வது அந்த இருவரின் கையில்.

அண்ணா பிறந்த ஊர் இது. 1967-இல் அவர் முதலமைச்சராக இருந்து கொண்டுவந்த சட்டத்தில், சுயமரியாதைத் திருமணத்துக்கு என்ன தேவை? உறவினர், நண்பர் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில், "உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருவரும் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றுவது, அல்லது தாலி கட்டுவது. அவ்வளவுதான். இருபத்தைந்து சவரன் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. எந்த முறையில் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஐயர் வைத்தும் செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். இரண்டு பேர் தங்கள் வாயால் சொல்லும் சொல்தான் கல்யாணம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்த வாயை முக்கியமான நேரத்தில் மூடிக்கொண்டவன் நான். அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

வருகிற தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிற என் மாணவர்கள் ஐந்தாறு பேர் இதைப் படிப்பீர்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் இருவரும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இடம் இல்லையென்றால் என் வீட்டுத் திண்ணை இருக்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கண்டிப்பாக வருவேன். பந்தி முடிந்ததும் அந்த நோட்டை என்னிடம் காட்ட வேண்டும். வீட்டுப்பாடம் பார்ப்பது போலப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
பெரிய காஞ்சிபுரம்